உபரித் திறன் இருக்கும்போது உள் விலை: நான்கு வழிகளும் ஒரே கணக்கில்

ஒரே நிறுவனத்தில் இரண்டு பிரிவுகள். ஒன்று மோட்டார் செய்கிறது, மற்றொன்று அந்த மோட்டாரைப் பொருத்திப் பம்பு விற்கிறது. மோட்டார் பிரிவின் இயந்திரங்களில் ஒரு பங்கு சும்மா நிற்கிறது. பம்பு பிரிவுக்கு மோட்டாரை என்ன விலைக்குக் கொடுப்பது? சந்தை விலை, முழுச் செலவு, மாறும் செலவு, பேசி முடித்த விலை என நான்கு வழிகள் வழக்கத்தில் உண்டு. நான்கையும் ஒரே எண்களில் வைத்துப் பார்த்தால்தான் எது எங்கே சறுக்குகிறது என்று தெரியும். இரண்டு பிரிவுகளும் ஒரே சட்டபூர்வ நிறுவனத்துக்குள் இருப்பதாகவே இங்கே கொள்கிறோம். தனித்தனி நிறுவனங்களாக, அதிலும் வெவ்வேறு நாடுகளில் இருந்தால், வரிச் சட்டம் விலையைப் பற்றித் தனியாகக் கேள்வி கேட்கும். அது வேறு விவகாரம்.

மோட்டார் பிரிவால் மாதம் 10,000 மோட்டார் செய்ய முடியும். வெளியே 7,000 விற்கிறது, விலை 1,000 ரூபாய். ஒரு மோட்டார் செய்ய மாறும் செலவு 560 ரூபாய். வெளியே விற்கும்போது கமிஷன், பேக்கிங், லாரி வாடகை என்று இன்னும் 40 ஆகும். பக்கத்துப் பிரிவுக்குக் கொடுக்கும்போது அந்த 40 கிடையாது. நிலையான செலவு மாதம் 25 லட்சம்.

பம்பு பிரிவுக்கு மாதம் 2,500 மோட்டார் வேண்டும். வெளி சப்ளையர் ஒருவர், வாசலில் இறக்கிக் கொடுப்பது வரை சேர்த்து, 780 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். பம்பு 1,500 ரூபாய்க்கு விற்கிறது. மோட்டார் நீங்கலாகப் பம்பு பிரிவின் மாறும் செலவு 650.

விற்பவர் இறங்கக்கூடிய அடிமட்ட விலை என்பது மாறும் செலவும் வாய்ப்புச் செலவும் சேர்ந்தது. 3,000 மோட்டார் செய்யும் திறன் சும்மா இருப்பதால், 2,500 கொடுத்தாலும் வெளி வாடிக்கையாளர் எவரையும் இழக்க வேண்டியதில்லை. ஆகவே வாய்ப்புச் செலவு பூஜ்யம், அடிமட்டம் 560. வாங்குபவரின் உச்சம், வெளிக் கொட்டேஷனும் (780) பம்பு தாங்கக்கூடிய தொகையும் (1,500-இல் 650 போக 850), இவற்றில் எது குறைவோ அது. அதாவது 780. உள்ளேயே வாங்கினால் ஒவ்வொரு மோட்டாருக்கும் நிறுவனத்துக்கு 220 ரூபாய் மிச்சம், மாதத்துக்கு 5,50,000. எந்த விலை இந்தத் தொகையைக் காப்பாற்றுகிறது, எது கைநழுவ விடுகிறது என்பதுதான் ஒப்பீட்டின் அளவுகோல்.

| வழி | உள் விலை | பம்பு பிரிவு எங்கே வாங்கும் | மோட்டார் பிரிவுக்கு | பம்பு பிரிவுக்கு | நிறுவனத்துக்கு |
|---|---|---|---|---|---|
| சந்தை விலை (40 கழித்து) | 960 | வெளியே | 0 | 0 | 0 |
| முழுச் செலவு | 810 | வெளியே | 0 | 0 | 0 |
| மாறும் செலவு | 560 | உள்ளே | 0 | 5,50,000 | 5,50,000 |
| பேசி முடித்த விலை | 670 | உள்ளே | 2,75,000 | 2,75,000 | 5,50,000 |
| மாறும் செலவு + மாதக் கட்டணம் | 560 + 2,75,000 | உள்ளே | 2,75,000 | 2,75,000 | 5,50,000 |

(எல்லாம் வெளியே 780-க்கு வாங்குவதோடு ஒப்பிட்ட மாதாந்தர ஆதாயம். கடைசி வரி நான்காவது வழியின் இன்னொரு வடிவம்.)

சந்தை விலை

"வெளியே விற்கிற விலைக்கே கொடு" என்பது நியாயமாகத் தோன்றும். விற்பவர் தன் முழுத் திறனையும் விற்றுத் தீர்த்திருந்தால் அது நியாயமும்கூட. உபரி இருக்கும்போது அதற்கு அடிப்படை இல்லை, ஏனென்றால் அந்த விலையில் கூடுதலாக வாங்க வெளியே ஆள் இல்லை. இருந்தால் இயந்திரம் சும்மா நிற்காது. மோட்டார் பிரிவு 960 கேட்கும், பம்பு பிரிவு 780-க்கு வெளியே போகும். 560-க்குச் செய்யக்கூடியதை நிறுவனம் 780 கொடுத்து வாங்கும். இரண்டு மேலாளர்களும் தங்கள் கணக்கில் சரியாகவே நடந்திருப்பார்கள்.

முழுச் செலவு

இந்த வழியில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். நிலையான செலவு 25 லட்சத்தை 10,000 மோட்டாருக்குப் பங்கிட்டால் தலைக்கு 250 வரும், முழுச் செலவு 810. அதுவே 780-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் பல இடங்களில் முழுத் திறனால் வகுப்பதில்லை, அந்த மாதம் செய்த எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். 7,000-ஆல் வகுத்தால் தலைக்கு 357, விலை 917. வெளி விற்பனை 6,000-க்கு இறங்கினால் 417, விலை 977. இயந்திரம் எவ்வளவு அதிகம் சும்மா நிற்கிறதோ அவ்வளவு மலிவாகக் கொடுக்க வேண்டிய நேரத்தில், இந்த முறை விலையை அவ்வளவு ஏற்றுகிறது.

கொட்டேஷன் 850 என்றிருந்தால் 810 எடுபட்டிருக்கும், எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரியும். ஒரு மந்தமான மாதத்தில் மறுகணக்கு போட்டு 917 என்று அனுப்பிய உடனே பம்பு பிரிவு வெளியே போகும். அதனால் மோட்டார் பிரிவின் எண்ணிக்கை இன்னும் குறையும், அடுத்த மாத விலை இன்னும் ஏறும். விற்பனை குறையும்போது உள் விலை ஏறுகிறதா என்று கடந்த ஆண்டின் இரண்டு மந்த மாதங்களை எடுத்துப் பாருங்கள். ஏறியிருந்தால் கோளாறு இங்கேதான்.

"நிலையான செலவை யாராவது ஏற்க வேண்டாமா?" என்ற கேள்வி எப்போதும் வரும். இந்த 2,500 மோட்டாரைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த 25 லட்சம் போகத்தான் போகிறது. அதை எப்படிப் பகிர்வது என்பது பிரிவுகளுக்கு இடையிலான பேச்சு. எங்கே வாங்குவது என்ற முடிவில் அது நுழையக் கூடாது.

மாறும் செலவு

560 என்று வைத்தால் பம்பு பிரிவின் முடிவுகள் எல்லாமே நிறுவனத்துக்குச் சரியாக அமையும். ஆனால் மோட்டார் பிரிவு 2,500 மோட்டார் செய்து, ஆள்களை மேய்த்து, தரத்துக்குப் பொறுப்பேற்று, கடைசியில் ஒரு ரூபாய்கூடப் பார்க்காது. அந்த மேலாளரை அவர் பிரிவின் லாபத்தை வைத்து மதிப்பிடுகிறீர்கள் என்றால், உள் ஆர்டர் எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்கும்.

இன்னொன்றும் நடக்கும். "மாறும் செலவு" என்ற சொல் மெல்ல வீங்கும். போர்மேன் சம்பளத்தில் ஒரு பங்கு, பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு பங்கு சேர்ந்து 560 என்பது 620 ஆகிவிடும். சரிபார்க்க எளிய வழி உண்டு. மூலப்பொருள் விலையும் கூலி விகிதமும் மாறாத, உற்பத்தி எண்ணிக்கை மட்டும் மாறிய இரண்டு மாதங்களின் மொத்த உற்பத்திச் செலவை எடுங்கள். 6,800 செய்த மாதம் 63,08,000, 7,300 செய்த மாதம் 65,88,000 என்றால், 500 மோட்டாருக்கு 2,80,000 கூடியிருக்கிறது. தலைக்கு 560. விலைக்கு அடிப்படையாக ஆண்டுத் தொடக்கத்தில் நிர்ணயித்த தரச் செலவை வையுங்கள். அந்தந்த மாதம் ஆன உண்மைச் செலவை வைத்தால் மோட்டார் பிரிவின் கழிவும் சேதாரமும் பம்பு பிரிவின் தலையில் விழும்.

உபரி என்று சொன்னாலும் அதைப் பயன்படுத்தப் புதுச் செலவு வருமா என்றும் பாருங்கள். 2,500-க்காகக் கூடுதல் ஷிஃப்ட் ஓட்ட வேண்டும், அதற்கு மேற்பார்வையாளருக்கு மாதம் 60,000 என்றால், தலைக்கு 24 கூடி அடிமட்டம் 584 ஆகும். சும்மா நிற்கும் இயந்திரத்தை வேறு யாராவது வாடகைக்குக் கேட்டிருந்தால் வாய்ப்புச் செலவும் பூஜ்யம் இல்லை.

பேசி முடித்த விலை, அதன் மறைவான கோளாறு

560-க்கும் 780-க்கும் நடுவே 670 என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆதாயம் பாதிப்பாதி. பெரும்பாலும் பேச்சு இங்கேயே முடிந்துவிடும். ஆனால் இது பம்பு பிரிவின் கண்ணில் மோட்டாரின் விலையை உண்மையைவிட 110 ரூபாய் ஏற்றிக் காட்டுகிறது.

அது எப்போது கடிக்கும்? ஒரு வாடிக்கையாளர் 400 பம்பு கூடுதலாகக் கேட்கிறார், விலை 1,300. பம்பு பிரிவின் கணக்கு: 650-ம் 670-ம் சேர்ந்து 1,320, தலைக்கு 20 நஷ்டம். ஆர்டரைத் திருப்பி அனுப்புவார்கள். நிறுவனத்தின் கணக்கு: 650-ம் 560-ம் சேர்ந்து 1,210, தலைக்கு 90 லாபம். 36,000 ரூபாய் போய்விட்டது, எந்த அறிக்கையிலும் அது தெரியாது. நடக்காத விற்பனைக்குக் கணக்குப் பதிவு கிடையாதே.

இதற்குத் தீர்வு விலையை இரண்டாகப் பிரிப்பது: மோட்டாருக்கு 560, அதற்கு மேல் மாதம் ஒரு நிலையான கட்டணம், உதாரணமாக 2,75,000. இதற்காக மாதம் 3,000 மோட்டார் வரை செய்யும் திறன் பம்பு பிரிவுக்கு ஒதுக்கப்படும். அதே 400 பம்பு ஆர்டர் வந்தால் மோட்டார் 560 என்றே கணக்கில் ஏறும், ஆர்டர் ஏற்கப்படும். மோட்டார் பிரிவும் வெறுங்கையோடு நிற்காது.

இதிலும் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, கட்டணத்தை நிலையான செலவின் பங்காக வைப்பது. தலைக்கு 250 வீதம் 2,500-க்கு 6,25,000 வரும். உள்ளே வாங்குவதால் கிடைப்பதே 5,50,000 என்னும்போது, பம்பு பிரிவுக்கு மாதம் 75,000 நஷ்டம், அவர்கள் வெளியேறுவார்கள். கட்டணம் 5,50,000-க்குக் கீழே இருந்தாக வேண்டும். இரண்டாவது, எடுத்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணத்தைக் கூட்டிக் குறைப்பது. அப்படிச் செய்தால் அது மறுபடியும் 670 போன்ற ஓர் ஒற்றை விலைதான்.

உபரி இரண்டு மூன்று மாதம்தான் இருக்கும் என்று தெரிந்தால் 670-இல் முடித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம், சிறப்பு ஆர்டர் வரும்போது மட்டும் தனியாகப் பேசினால் போதும். ஓர் ஆண்டோ அதற்கு மேலோ நீடிக்கும் என்றால் இரட்டை அமைப்பையே தேர்ந்தெடுங்கள். 670-இல் முடித்தவர்கள், மாதக் கடைசியில் பம்பு பிரிவிடம் பயன்படுத்தாமல் 200 மோட்டார் இருந்தால், அதில் அடங்கிய 22,000 ரூபாய் உள் லாபத்தை நிறுவனக் கணக்கில் நீக்க மறக்கக் கூடாது.

உபரி தீரும் நாள்

வெளி விற்பனை 9,000-க்கு ஏறுகிறது என்று வையுங்கள். உபரி 1,000 மட்டுமே. அந்த 1,000-க்கு அடிமட்டம் இன்னமும் 560. மீதி 1,500-ஐ உள்ளே கொடுத்தால் அத்தனை வெளி விற்பனையை விட வேண்டும், ஒவ்வொன்றிலும் 1,000-இல் 600 போக 400 இழப்பு. அவற்றுக்கு அடிமட்டம் 960. ஆகவே 1,000 உள்ளே, 1,500 வெளியே 780-க்கு. வெளி சப்ளையர் "2,500-ம் எடுத்தால்தான் கொடுப்பேன்" என்றால், உள்ளே கொடுப்பதன் சராசரி அடிமட்டம் 800 ஆகும் (6 லட்சம் இழப்பை 2,500-ஆல் வகுத்தால் 240, அதோடு 560). 780 அதற்குக் கீழே இருப்பதால் மொத்தத்தையும் வெளியே வாங்குவதே லாபம்.

3,000 ஒதுக்கீட்டை எழுத்தில் கொடுத்துவிட்டு இந்த நிலைக்கு வந்தால், மோட்டார் பிரிவு 400 ரூபாய் லாபம் தரும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பி, நிறுவனத்துக்கு 220 மட்டுமே மிச்சப்படுத்தும் மோட்டாரைச் செய்துகொண்டிருக்கும். ஒப்பந்தத்தில் இதை முன்பே எழுதிவிடுங்கள்: உறுதியான வெளி ஆர்டர்கள் மாதம் 7,000-ஐத் தாண்டினால், ஒரு மாத அறிவிப்பில் ஒதுக்கீட்டை அந்த அளவுக்குக் குறைக்கலாம், கட்டணமும் அதே விகிதத்தில் குறையும். அந்த ஒரு மாதம் பம்பு பிரிவு வெளி சப்ளையரிடம் ஆர்டர் வைக்கத் தேவைப்படும் அவகாசம். அவருடைய டெலிவரிக்கு ஆறு வாரம் ஆகும் என்றால் அறிவிப்பும் ஆறு வாரமாக இருக்க வேண்டும்.