வருமான வரிக்குப் பழைய முறையா புதிய முறையா: மாப்பிள்ளை அனுப்பிய 2 படங்கள்

கொழிஞ்சாம்பாறையில் வாடகைக்கு இருந்துகொண்டு கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கிறார் என் தங்கை மாப்பிள்ளை. "எதுல போட்டா வரி கம்மி மச்சான்?" என்று 2 ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். ஒன்று சம்பளப் பிரிப்பு, இன்னொன்று யாரோ குரூப்பில் போட்ட ஸ்லாப் அட்டவணை.

அட்டவணையின் முதல் வரியில் "0–3 லட்சம்" என்றிருந்தது. அது 2024-25க்கான புதிய முறை. 2025-26க்கு 4 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5%, 10%, 15% என்று ஏறும். பழைய படத்தை நம்பினால் இவருக்கு 26,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் காட்டும்.

சம்பளப் படத்தில் கொட்டை எழுத்தில் இருந்த சிடிசி 14.9 லட்சம். அதில் கம்பெனி போடும் பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் சேர்ந்திருக்கின்றன. அவற்றைக் கழித்து, பேசிக் 55,000, வீட்டு வாடகைப் படியான ஹெச்ஆர்ஏ 22,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 38,000 மட்டும் கூட்டினால் மாதம் 1,15,000, வருடத்துக்கு 13,80,000. கணக்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 போக 13,05,000. வரி 75,750, 4% செஸ் சேர்த்து 78,780.

பழைய முறையில் மாப்பிள்ளை பெரிதும் நம்பியது ஹெச்ஆர்ஏவை. வருடம் 2,64,000 வருகிறதே, முழுவதும் கழிந்துவிடும் என்று நினைத்திருந்தார். ஆனால் வாங்கிய தொகை, பேசிக்கில் 40%, வாடகையில் பேசிக்கின் 10% போக மீதி, இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் கழிவு. வாடகை மாதம் 12,000. 1,44,000இல் 66,000 போனால் 78,000தான். அதோடு நிலைக்கழிவு 50,000, 80சி சேமிப்பு 1,50,000 (அவர் பங்கு பிஎஃப் இதற்குள்ளேயே அடங்கும்), மருத்துவக் காப்பீடு 25,000, கேரளத் தொழில்வரி 2,500 எல்லாம் போக 10,74,500. வரி செஸ்ஸோடு 1,40,244.

61,464 வித்தியாசம். "பொள்ளாச்சியில வீடு கட்டி லோன் வட்டி காட்டினா?" என்றார். 2 லட்சம் வட்டியும், என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டத்தில் சொந்தமாக 50,000மும் கழித்துப் பார்த்தேன்: 80,496. அப்போதும் புதிய முறையே மலிவு. வரிக்காகக் கடன் வாங்கப் போனவரைத் தடுத்தாயிற்று.

புதிய முறையிலும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. ஸ்பெஷல் அலவன்ஸிலிருந்து பேசிக்கின் 14%, அதாவது மாதம் 7,700, கம்பெனி வழியாக என்பிஎஸ்ஸுக்குப் போகும்படி பிரிப்பை மாற்றச் சொல்லலாம். முழு வருடமும் போனால் வரிக்குரிய வருமானம் 12,12,600 ஆகும். புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரியே வராது. அதைக் கொஞ்சமே தாண்டினால் தாண்டிய தொகைக்கு மேல் வரி கேட்கக் கூடாது என்பதால் வரி 12,600, செஸ்ஸோடு 13,104. கையில் வரும் காசு குறையும், போட்டதில் பெரும்பகுதி ஓய்வுக்காலம் வரை முடங்கும். கம்பெனி சம்மதிக்கவும் வேண்டும். ஹெச்ஆரிடம் கேட்கப் போயிருக்கிறார்.