இரண்டு கலர் நோட்டீஸ்: ஸ்பாட்டா, மல்டிகலரா?

இரண்டு கலர் என்றால் நாலு கலரைவிட மலிவு என்று நினைத்துத்தான் பலரும் அச்சகப் படி ஏறுகிறார்கள். ஒரு மைக்கு ஒரு பிளேட் என்ற கணக்கில் அது சரிதான், ஆனால் பில்லில் பல நேரம் தலைகீழாக வரும். ஸ்பாட் என்றால் வேண்டிய நிற மையையே போட்டு ஒவ்வொரு கலராக அடிப்பது. மல்டிகலர் என்றால் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையின் புள்ளிகளைச் சேர்த்து எல்லா நிறத்தையும் வரவழைப்பது. ஸ்பாட் அடிக்கும் சின்ன ஆஃப்செட் மிஷின் ஒரு ஓட்டத்தில் ஒரு கலர்தான் அடிக்கும். சிவப்பு அடித்து முடித்ததும் ரோலரைக் கழுவி, கறுப்பு மை போட்டு, அதே தாளை மறுபடி ஓட்ட வேண்டும். நாலு கலர் மிஷினில் எல்லாம் ஒரே ஓட்டம். போதாக்குறைக்கு, மல்டிகலர் அச்சகங்கள் பத்துப் பேருடைய வேலையை ஒரே பெரிய தாளில் சேர்த்து அடிப்பதால் பிளேட் செலவு அத்தனை பேருக்கும் பிரிந்துவிடும். ஆயிரம் நோட்டீஸ், ஆர்ட் பேப்பர் போதும் என்றால் அந்த விலையோடு ஸ்பாட் போட்டி போடுவது கஷ்டம்.

முடிவைத் திருப்புவது பெரும்பாலும் பேப்பர்தான். சேர்த்து அடிக்கும் இடத்தில் அவர்கள் போடும் ஆர்ட் பேப்பரைத்தான் எடுக்க வேண்டும். நோட்டீஸின் அடியில் பெயர், கையெழுத்து போட்டுக் கிழித்துத் தரும் படிவம் இருந்தால் ஆர்ட் பேப்பரில் பேனா வழுக்கும், ரப்பர் ஸ்டாம்ப் இழுவிவிடும். அங்கே வழவழப்பில்லாத 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ பேப்பரும் ஸ்பாட்டும்தான் பொருத்தம். இன்னொரு விஷயம்: பெரிய தாளில் உங்கள் நோட்டீஸ் இருக்கும் அதே வரிசையில் யாருடைய கருஞ்சிவப்பு விளம்பரம் விழுகிறதோ, அதற்காக ஏற்றிய மை உங்கள் நிறத்தையும் கொஞ்சம் இழுக்கும். அடுத்த மாதம் மறுபடி அடித்தால் அதே சிவப்பு வரும் என்று உறுதி கிடையாது.

கணக்குக்கு ஒரு வேலை: ஏ5 அளவு, இரண்டு பக்கம், கறுப்பும் சிவப்பும், 2000 பிரதி. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே ஏ4 பிளேட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். 1000 தாளை அடித்து, இடவலமாகத் திருப்பிப் போட்டு, அதே பிளேட்டில் மறுபக்கம் அடித்து, நடுவில் வெட்டினால் 2000 நோட்டீஸ். நாலு பிளேட் வேண்டிய இடத்தில் இரண்டே போதும். ஆனால் ஓட்டம் 4000. நாலு முறையும் செட்டிங்கில் தாள் வீணாகும் என்பதால் நூறு தாளாவது கூடுதலாக வாங்கி வையுங்கள்.

சிவப்புக்குத் தனி நிறம் கலக்கச் சொன்னால் அதற்கும் காசு. அச்சகத்தில் எப்போதும் திறந்திருக்கும் சிவப்பு டப்பாவையே கேளுங்கள். ஃபைலில் சிவப்பு வர வேண்டியதையெல்லாம் மெஜந்தா 100 என்றும், எழுத்தைக் கறுப்பு 100 என்றும் மட்டும் வையுங்கள். பிளேட்டுக்கு நிறம் தெரியாது. மெஜந்தா பிளேட்டில் சிவப்பு மை தடவினால் சிவப்புதான் விழும். இதை ஆர்டர் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுக்காவிட்டால், யாராவது நாலு கலர் மிஷினில் ஏற்றி ராணி பிங்க்கில் அடித்துத் தந்துவிடுவார்கள்.

அதிகம் சறுக்குவது ஃபைலில்தான். வேர்டிலிருந்து ஒட்டிய கறுப்பு எழுத்தும் போனில் எடுத்த போட்டோவும் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் இருக்கும். அச்சு மைக்கு மாற்றும்போது நாலு மையிலும் சிதறும். போட்டோவை கிரேஸ்கேலாக்கிவிட்டு, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் இந்தக் கட்டளையைப் போட்டுச் சோதியுங்கள்:

```
gs -o - -sDEVICE=inkcov notice.pdf
```

பக்கத்துக்கு ஒரு வரி இப்படி வரும்:

```
 0.00000  0.06120  0.00000  0.11430 CMYK OK
```

வரிசை சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. முதல் எண்ணும் மூன்றாவது எண்ணும் முழுப் பூஜ்யமாக இல்லையென்றால் எங்கோ வேண்டாத மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஃபைலை பிளேட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இரண்டு ஓட்டத்துக்கு நடுவே ஓர் இரவு போனால், மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்து நீளும். கறுப்பு சிவப்பின் மேல் அரை மில்லி தள்ளி விழும். அதனால் சிவப்புப் பட்டைக்குள் கறுப்பு எழுத்தை வெட்டி உட்காரவைக்காமல், மேலேயே அடிக்கும்படி ஓவர்பிரிண்ட் போடுங்கள். இரண்டு நிறமும் ஒட்டி நிற்கும் இடத்தில் ஒரு மில்லி வெள்ளை இடைவெளி விட்டால் பிசகு கண்ணில் படாது.

மல்டிகலரிலேயே போவதென்றால் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மெஜந்தா 100, மஞ்சள் 100 சேர்ந்த சிவப்பில் புள்ளியே இருக்காது, பட்டைக்கும் தலைப்புக்கும் நன்றாக வரும். ஆரஞ்சு, காபி நிறம், பாட்டில் பச்சையில் 8 பாயிண்ட் எழுத்து போட்டால் புள்ளிகளால் ஓரம் பிசிறும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தைச் சுற்றி மெல்லிய மஞ்சளோ பிங்க்கோ நிழலாடும். சின்ன எழுத்து எல்லாவற்றையும் கறுப்பு மட்டும் என்று விட்டுவிடுங்கள்.