டூஸ்ல அனிமேட் பண்றப்போ கேமராவை எப்படி சமாளிக்கறது

ப்ளெண்டர்ல கேரக்டர் ஷாட் எல்லாமே ரொம்ப நாளா டூஸ்லதான் பண்றேன், அதாவது நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் ஆனா ஒவ்வொரு போஸும் ரெண்டு ஃப்ரேம் அசையாம நிக்கும், மொத்தமா 12 போஸ்தான் மாறும். கையால வரைஞ்ச மாதிரி தெரியறதுல டூன் ஷேடரை விட இதுக்குத்தான் பங்கு அதிகம்னு நெனக்கறேன்.

செட்டிங் சுலபம்தான். கீ எல்லாம் செலக்ட் பண்ணி T அழுத்தி Constant குடுத்தா கர்வ் படிக்கட்டாயிடும். ஏற்கனவே ஸ்மூத்தா முடிச்ச ஷாட்னா கிராஃப் எடிட்டர்ல Stepped Interpolation மாடிஃபயர், Step Size 2. அதுல Offset-ஐ கண்டிப்பா பாருங்க. 0ல விட்டா 0, 2, 4ன்னு இரட்டைப்படை ஃப்ரேமைத்தான் எடுக்கும், நம்ம கீ 1, 3, 5னு இருந்தா, 13ல குத்து போய் விழற அந்த உச்ச போஸே திரைக்கு வராது. Offset 1 வெச்சா வந்துடும்.

உண்மையான தலைவலி கேமரா நகரும்போதுதான். ஒருத்தன் இடமிருந்து வலமா ஓடறான், கேமரா கூடவே போகுதுன்னு வைங்க. கேமரா ஒவ்வொரு ஃப்ரேமும் 10 பிக்சல் நகருது, அவன் ரெண்டு ஃப்ரேமுக்கு ஒரு தடவை 20 பிக்சல் தாவறான். அப்போ திரையில அவன் 10 பிக்சல் பின்னாடி போய் திரும்ப 10 முன்னாடி வருவான், நொடிக்கு 12 தடவை, ஆளே நடுங்கற மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமா தனியா பாத்தா ஒரு குறையும் தெரியாது, அதனால மூக்கு நுனி மாதிரி ஒரு புள்ளியைப் புடிச்சுக்கிட்டு ஃப்ரேம் ஃப்ரேமா தள்ளிப் பாருங்க, முன்னும் பின்னும் ஆடினா இதேதான் காரணம்.

நான் பண்றது, ஆளை மொத்தமா நகர்த்தற ரூட் போனோட லொகேஷன் கர்வை மட்டும் ஸ்டெப் பண்ணாம கேமரா மாதிரியே ஒன்ஸ்ல, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் நகர்ற மாதிரி விட்டுடறது, உடம்பு போஸ் எல்லாம் டூஸ்ல. நடுக்கம் சுத்தமா போயிடும். ஆனா போஸ் நிக்கற அந்த ரெண்டாவது ஃப்ரேம்ல ஊனின காலும் ரூட்டோட சேர்ந்து தரையில 10 பிக்சல் வழுக்கும், அதனால முழங்காலுக்கு மேல கட் ஆகற ஷாட்டுக்குத்தான் இது கச்சிதம்.

முழு ஆள் தெரிஞ்சு கேமராவும் மெதுவா போகுதுன்னா கேமராவையும் டூஸ்ல, அதே Offset-ல போட்டுடுவேன். வேகமான ஷாட்ல இது எடுபடாது, பின்னாடி தூண், ஜன்னல் மாதிரி நேர்கோடு இருந்தா பேக்ரவுண்ட் வெட்டி வெட்டி ஓடும், கண்ணு வலிக்கும். அந்த மாதிரி ஷாட்டை யோசிக்காம முழுசா ஒன்ஸ்லயே பண்ணிடுங்க, கையால வரையறவங்களும் கால் தரையில படற பேன் ஷாட்ல ஒன்ஸுக்குத்தான் போவாங்க.

முடி, துணி சிமுலேஷன் இருந்தா உடம்பு ஸ்மூத்தா இருக்கும்போதே Bake பண்ணிட்டு அப்புறமா ஸ்டெப் பண்ணுங்க. ஸ்டெப் பண்ணின உடம்பு மேல சிமுலேட் பண்ணா ஒவ்வொரு தாவலுக்கும் துணி சாட்டை மாதிரி உதறும்.