தெரியாதவர் அனுப்பும் இணைப்புக் கோரிக்கை: எந்த விதி யாருக்கு?

லிங்க்ட்இன்னில் முன்பின் தெரியாத ஒருவரின் கோரிக்கையை ஏற்றால், பட்டியலில் ஒரு பெயர் கூடுவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. அவருடைய பதிவுகள் நம் பக்கத்தில் வரத் தொடங்கும். நாம் அமைப்புகளை மாற்றி வைக்காதிருந்தால், நம்முடைய மற்ற தொடர்புகள் யார் யார் என்பதையும் அவர் பார்க்க முடியும். இவற்றைவிட முக்கியமானது, அவர் அடுத்து நம் நண்பருக்குக் கோரிக்கை அனுப்பும்போது ‘பொதுவான தொடர்பு’ என்று நம் பெயர் தோன்றி, நாம் அறியாமலே அவருக்குச் சான்று சொல்வதுதான்.

எல்லோரையும் ஏற்பது என்ற விதி, ஆள்சேர்ப்பிலும் விற்பனையிலும் இருப்பவர்களுக்குப் பொருந்தும். அவர்களுக்குத் தொடர்புகளின் தொடர்புகள்தாம் மூலதனம். மற்றவர்களுக்கு இதில் ஆதாயம் குறைவு. 30,000 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும், 500-ஐத் தாண்டியபின் சுயவிவரத்தில் ‘500+’ என்று மட்டுமே தெரியும் என்பதால், எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படவும் வழியில்லை.

நேரில் தெரிந்தவர்களை மட்டும் ஏற்பது பாதுகாப்பானது. ஆனால் வேலை பற்றிய செய்தி நெருங்கியவர்களைவிட அரைகுறை அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதியது, இந்த விதியின் குறையைச் சரியாகத் தொடுகிறது. நமக்குத் தெரிந்ததே பெரும்பாலும் நம் நெருங்கியவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாவது விதி, காரணம் தெரிந்தால் மட்டும் ஏற்பது. என் தேர்வு இதுவே. சற்று உழைப்பு கேட்கும் விதியும் இதுவே. வெளிநாட்டு ஆலோசனை நிறுவனத்தின் ஆள்சேர்ப்பாளர் என்று ஒருவர், குறிப்பு ஏதும் எழுதாமல் கோரிக்கை அனுப்புகிறார், பொதுவான தொடர்புகள் நான்கு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நால்வரும் எல்லோரையும் ஏற்பவர்களாக இருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை, அவர்களில் ஒருவரிடம் “இவரை உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாலே விஷயம் வெளிப்பட்டுவிடும். அடுத்து, சுயவிவரத்தில் About this profile பகுதியைத் திறந்தால் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது என்று தெரியும். பதினைந்து ஆண்டு அனுபவம் சொல்லும் கணக்கு போன மாதம்தான் தொடங்கப்பட்டிருந்தால், ஐயம் நியாயமானது. கோரிக்கையோடு குறிப்பு வந்திருந்தால், ஏற்பதற்கு முன்பே எந்தப் பணி தொடர்பாக என்று கேட்டு எழுதலாம். உண்மையானவர் பணியைச் சொல்வார், மற்றவர் பெரும்பாலும் வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்வார். இது மிகையான அச்சமன்று: போலிக் கணக்குகள் வழியாகத் தகவல் கறக்கும் முயற்சிகளைப் பற்றிப் பிரிட்டனின் எம்ஐ5 உளவு அமைப்பு 2021-இல் பொதுமக்களை எச்சரித்தது.

மறுக்கத் தயங்க வேண்டியதில்லை, Ignore அழுத்தினால் அனுப்பியவருக்கு அறிவிப்பு போகாது. ஏற்கெனவே பெருத்துவிட்ட பட்டியலில், பதிவுகளால் சலிப்பூட்டுபவரைப் பின்தொடர்வதை மட்டும் நிறுத்தினால் போதும், இணைப்பு நீடிக்கும். யாரென்றே நினைவில்லாதவரை நீக்கிவிடலாம்; அதற்கும் அறிவிப்பு கிடையாது.