ரயிலில் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

போன மாதம் ஸ்லீப்பரில் ஒரு ராத்திரிப் பயணம். பத்தரை மணிக்குக் கழிப்பறைக் கதவைத் திறந்தால் தரை முழுக்கத் தண்ணீர், அதில் குட்கா பாக்கெட்டுகள் மிதக்கின்றன. போட்டோ எடுத்து, பிஎன்ஆர் போட்டு, RailMadad செயலியில் பெட்டித் தூய்மை என்ற பிரிவில் புகார் கொடுத்தேன். உடனே புகார் எண் வந்தது.

அரை மணி நேரத்தில் துப்புரவுப் பையன் நேராக என் பெர்த்துக்கே வந்தான். "சார், முடிஞ்சது, ஒரு கையெழுத்து" என்று அட்டையோடு ஒரு படிவத்தை நீட்டினான். கழிப்பறை, பெட்டி, குப்பை அள்ளுவது, கொசு மருந்து, ஊழியர் நடத்தை என்று ஐந்து வரி. எதிரே மதிப்பெண் கட்டங்கள் காலி. தூக்கக் கலக்கத்தில் பெயர், சீட் எண், போன் நம்பர் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

பத்து நிமிடத்தில் புகார் முடித்துவைக்கப்பட்டதாக எஸ்எம்எஸ். போய்ப் பார்த்தால் அதே தண்ணீர், மேலே வாசனை ஸ்ப்ரே மட்டும். காலிக் கட்டங்களை யார் நிரப்பியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? அந்த மதிப்பெண் குறைந்தால் துப்புரவு வேலையை எடுத்த ஒப்பந்ததாரருக்குப் பணம் பிடிப்பார்கள். பையன் கையெழுத்துக் கேட்டு வந்தது அதனால்தான்.

மறுபடி போட்டோ எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு இரண்டாவது புகார் போட்டேன். இந்த முறை வந்தவர் சூப்பர்வைசர். "கையெழுத்துப் போட்டுட்டு எதுக்கு மறுபடி கம்ப்ளெயின்ட்?" என்று பெட்டியே எழும்படி சத்தம். அதைத் தூய்மைப் புகாரோடு கலக்காமல், ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்து ஊழியர் நடத்தை என்று தனியாகப் பதியச் சொன்னேன். ஒன்றாக எழுதினால் தரையைத் துடைத்துவிட்டு இரண்டையும் சேர்த்து மூடிவிடலாம் அல்லவா? அந்தப் புகாருக்கும் எண் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒருவழியாகப் பன்னிரண்டு மணிக்குத் தரையைக் கழுவினார்கள்.

வீட்டுக்கு வந்தபின் railmadad.indianrailways.gov.in தளத்தில் மூன்று எண்களையும் போட்டுப் பார்த்தேன். மூடப்பட்டது என்ற சொல்லோடு நின்றுவிடாமல் கீழே உள்ள குறிப்பையும் படியுங்கள். முதல் புகாரில் "சுத்தம் செய்யப்பட்டது, பயணி திருப்தி". நடத்தைப் புகாரில் "ஊழியருக்கு அறிவுரை வழங்கப்பட்டது", அவ்வளவுதான். கருத்துக் கேட்டு வந்த இணைப்பில் இரண்டுக்கும் திருப்தி இல்லை என்று குறித்து, காரணத்தையும் எழுதினேன். நாலாம் நாள் ஒருவர் போனில் கூப்பிட்டு விவரம் கேட்டார். படிவத்தின் நகலைக் கேட்டேன், பார்த்துச் சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை.

இப்போது மூன்று எண்களையும் போட்டோக்களையும் இணைத்து மத்திய அரசின் pgportal.gov.in தளத்தில் புகார் போட்டிருக்கிறேன். அங்கே பதில் திருப்தியில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். அந்தப் படிவம் உங்களிடம் வந்தால், கழிப்பறையைப் போய்ப் பார்த்துவிட்டு ஐந்து கட்டத்தையும் உங்கள் கையால் நிரப்புங்கள், அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இல்லாதது அந்த ஒரு போட்டோதான்.