டெம்பர் கிளாஸ், பிலிம், லிக்விட்: மூன்றையும் நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் வீட்டில் மூன்று போன்கள், மூன்றுக்கும் மூன்று விதமான பாதுகாப்பு. என்னுடையது தட்டையான திரை, அதில் டெம்பர் கிளாஸ். மனைவியின் போன் ஓரம் வளைந்த திரை, அதில் டிபியு பிலிம். அப்பாவுக்குத் திரையின் மேல் எதையும் ஒட்டுவது பிடிக்காது என்பதால் அவர் போனுக்கு லிக்விட் கோட்டிங் போட்டோம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியாயிற்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தட்டைத் திரைக்கு டெம்பர், வளைந்த திரைக்கு நல்ல பிலிம், லிக்விட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கீறலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் கடைக்காரர்கள் அதிகம் குழப்புகிறார்கள். சாவியும் சில்லறையும்தான் திரையைக் கீறும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய எதிரி மணல். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் போன் கண்ணாடி 6-ஐ ஒட்டி நிற்கும். சில்லறைக் காசும் சாதாரண சாவியும் அதற்குக் கீழே. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதனால் சாவி தடவிவிட்டுப் போகும், சட்டைப் பையின் மூலையில் கிடக்கும் ஒரே ஒரு மணல் துகள் கோடு போட்டுவிடும். நாங்கள் இருப்பது கடற்கரைக்குப் பக்கத்தில். பையை எத்தனை முறை உதறினாலும் மணல் இருக்கும்.

அப்படியானால் டெம்பர் கிளாஸ் அட்டையில் இருக்கும் 9H என்ன? அது மோஸ் 9 அல்ல. மோஸ் 9 என்றால் நீலக்கல்லின் கடினம். 9H என்பது பென்சில் சோதனை. பென்சிலைச் சாய்த்து, குறிப்பிட்ட எடையை வைத்து மேற்பரப்பில் இழுப்பார்கள். 9H என்ற மிகக் கடினமான பென்சில்கூடக் கீறவில்லை என்றால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். எந்தக் கண்ணாடியும் அதில் தேறிவிடும். ஆக டெம்பர் கிளாஸும் மணலில் கீறல் விழும் பொருள்தான். என் போனில் ஒட்டியிருந்த கிளாஸை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கோடுகள் நிறையத் தெரியும். ஆனால் அந்தக் கோடுகள் 100, 200 ரூபாய்ப் பொருளில் விழுந்தவை. கழற்றினால் கீழே திரை புதிதுபோல இருக்கிறது. அதன் வேலையே அதுதான்.

டிபியு பிலிம் மென்மையான பிளாஸ்டிக். கடைகளில் ஹைட்ரோஜெல் என்று சொல்லி, போன் மாடலை மெஷினில் தேர்ந்தெடுத்து அங்கேயே வெட்டிக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். நகம் பட்ட தடம், லேசான அழுத்தம் எல்லாம் சில மணி நேரத்தில் தானே மறைந்துவிடும். பொருள் கிழியாமல் அமுங்கி மட்டும் இருக்கும்வரை இது நடக்கும். கூரான துகள் பிலிமை அறுத்துவிட்டால் அந்த வெட்டு ஆறாது. பெட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் பிலிமில் இந்த மீளும் குணமும் இல்லை, சீக்கிரம் மங்கிப்போகும்.

லிக்விட் விஷயத்தில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. ஆல்கஹால் போன்ற கரைப்பானில் சிலிக்காவைக் கலந்து, திரையில் தேய்த்துக் காயவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலம். மணல் போடும் கீறல் அதைவிட ஆழமாக இறங்கும். அதையும் 9H என்று சொல்லித்தான் விற்கிறார்கள். சோதனையின் போது படலத்துக்குக் கீழே இருக்கும் போன் கண்ணாடியே அந்த எண்ணைத் தந்துவிடும். அப்பா போனில் கீறல்கள் நேராகத் திரையிலேயே விழுந்திருக்கின்றன. ஒரு நன்மை மட்டும் உண்டு: போட்ட புதிதில் விரல் வழுக்கிக்கொண்டு போகும், கைரேகை எளிதில் துடைபடும். அந்தப் பூச்சு இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். முத்தாக உருண்டு நின்றால் இருக்கிறது, தட்டையாகப் பரவினால் போய்விட்டது. அப்பா போனில் சில மாதங்களிலேயே பரவ ஆரம்பித்தது.

விழுவது வேறு கதை. கண்ணாடி உடைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கூரான கல் ஒரே புள்ளியில் குத்துவது. இன்னொன்று, போனின் மூலை தரையில் மோதி, சட்டம் முறுக்கிக்கொண்டு திரையை வளைப்பது. முதல் வகையில்தான் டெம்பர் கிளாஸ் உதவுகிறது. அந்த மெல்லிய கண்ணாடியைப் பொட்டாசியம் உப்புக் குழம்பில் வைத்து, சோடியம் அணுக்கள் இருந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அணுக்களை ஏற்றுகிறார்கள். மேற்பரப்பு நெருக்குண்டு இறுகிவிடுகிறது. கல் குத்தும்போது அடி முதலில் அதன் மேல் விழுகிறது, அது உடைந்து வேகத்தை வாங்கிக்கொள்கிறது.

வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றக் குனிந்தபோது என் போன் சட்டைப் பையிலிருந்து ஜல்லி கிடந்த தார் ரோட்டில் குப்புற விழுந்தது. கிளாஸில் நட்சத்திரம்போல விரிசல், திரையில் ஒன்றுமில்லை. மனைவியின் போனும் அதே மாதிரி இடத்தில் விழுந்தது. பிலிமில் ஒரு சின்னப் பள்ளம்தான், ஆனால் அதற்கு நேர் கீழே திரை உடைந்திருந்தது. மெல்லிய பிலிம் அழுத்தத்தைப் பரப்பாமல் அப்படியே கீழே கடத்திவிடுகிறது. உயரமும் கல்லும் ஒவ்வொரு முறையும் மாறும், இரண்டு விழுகைகளை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் காரணம் தெளிவாக இருக்கிறது. பிலிமுக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: சர்வீஸுக்குக் கொடுக்கும்வரை உடைந்த கண்ணாடித் தூள் விரலில் ஏறாமல் அதுதான் பிடித்து வைத்திருந்தது.

மூலை அடிபடுவதற்கு மூன்றுமே உதவாது. அங்கே காப்பது கவர்தான். கவரின் விளிம்பு கிளாஸைவிடச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும்.

விரிசல் விழுந்தது கிளாஸிலா திரையிலா என்று பயந்தால், கோடு எதுவரை போகிறது என்று நகத்தால் வருடிப் பாருங்கள். கோடு கிளாஸின் ஓரத்தோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் கிளாஸ்தான். ஓரத்தையும் தாண்டி போகிறது, அல்லது திரையில் கருப்புக் கறை, வண்ணக் கோடு தெரிகிறது என்றால் கீழே போயிருக்கிறது.

தொடும் சுகத்தில் என் ஓட்டு டெம்பருக்கு. கண்ணாடி மேல் விரல் போகும் உணர்வே வேறு. அதன் எண்ணெய் ஒட்டாப் பூச்சு, கீபோர்டு வரும் பகுதியில்தான் முதலில் தேயும். டிபியு பிலிமில் விரல் சற்று இழுபடும், வியர்த்த கை என்றால் இன்னும் அதிகம். வேகமாக டைப் செய்பவர்களுக்கும் கேம் ஆடுபவர்களுக்கும் அது எரிச்சல்.

பிறகு ஏன் மனைவியின் போனுக்குக் கிளாஸ் போடவில்லை? வளைந்த திரைக்கு வரும் மலிவான கிளாஸ்களில் ஓரத்தில் மட்டும்தான் பசை. நடுவில் காற்று நிற்கும், டச் விட்டுவிட்டு வேலை செய்யும், திரைக்கு அடியில் ஒலி அலையால் கைரேகை படிக்கும் சென்சார் திணறும். யூவி பசை ஊற்றி ஒட்டும் கிளாஸ் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பசை ஸ்பீக்கர் துளைக்குள்ளோ பட்டன் இடுக்கிலோ வழியும் ஆபத்து இருக்கிறது. பிலிம் வளைவோடு வளைந்து முழுப்பரப்பிலும் ஒட்டிக்கொள்கிறது. எதை ஒட்டினாலும், பழைய கைரேகைப் பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். செட்டிங்ஸில் டச் சென்சிட்டிவிட்டி இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள்.

வாங்கும்போது கவரையும் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். கவர் கிளாஸின் விளிம்பைத் தள்ளினால், அன்று தெரியாது, சில நாளில் ஓரம் தூக்கி உள்ளே தூசி புகும். அப்படித் தூக்கினால் திரையைவிடச் சற்றுச் சிறிய அளவில் வரும் கிளாஸைக் கேளுங்கள்.