பச்சை இலையா, காய்ந்த இலையா? முடி எண்ணெய்க்கு எது தோது

கரிசலாங்கண்ணி எண்ணெயை இரண்டு வழியிலும் செய்து பார்த்துவிட்டேன். பச்சை இலையை அரைத்துப் போட்டுக் காய்ச்சுவது ஒன்று. காய்ந்த இலையை மிதமான சூட்டில் ஊறவைப்பது இன்னொன்று. சொந்தத் தலைக்கு என்றால் எதைச் செய்தாலும் சரி. பாட்டிலில் அடைத்துப் பிறர் கையில் கொடுப்பதாக இருந்தால் நான் காய்ந்த இலையின் பக்கம்.

நிறம், மணம் இரண்டிலும் பச்சை இலைக்கே முதலிடம். வேலையும் ஒரே நாளில் முடியும். இலையை உலர்த்த மட்டுமே நாலைந்து நாள் போய்விடுகிறது. இதில் வாதாட எதுவுமில்லை. என்னை மாற்றியது தண்ணீர்.

பச்சை இலையின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். 200 கிராம் அரைத்துப் போட்டால் 150 கிராமுக்கு மேல் தண்ணீரை எண்ணெயில் ஊற்றியதுபோல. அது முழுக்க ஆவியாகும்வரை காய்ச்ச வேண்டும். சடசடப்பு அடங்க வேண்டும், விழுதை விரலில் உருட்டினால் ஒட்டாமல் திரிபோல வர வேண்டும், அந்தத் திரியைத் தீயில் காட்டினால் வெடிக்காமல் எரிய வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அது தீர்ந்ததும் சட்டென ஏறும், விழுது கருகும். முன்னாலேயே இறக்கினால் ஈரம், பின்னால் இறக்கினால் தீய்ந்த வாடை. அந்த இடைவெளி சில நிமிடம்தான்.

ஒருமுறை சத்தம் குறைந்ததைப் பார்த்து அவசரப்பட்டு இறக்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு பாட்டிலிலும் அடியில் மங்கலாக ஒரு படலம், மூடியைத் திறந்தால் புளித்த நெடி. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் போய்த் தங்கிவிடும். கிருமிகளுக்கு அந்தக் கொஞ்சம் ஈரமே போதும். வைட்டமின் ஈ சேர்த்திருந்தேனே என்று அப்போது நினைத்தேன். அது எண்ணெய் சிக்குவாடை அடிப்பதைத்தான் தள்ளிப்போடும், கிருமியை ஒன்றும் செய்யாது. பன்னிரண்டையும் கொட்டினேன்.

காய்ந்த இலையில் இந்தப் பரீட்சை அடுப்பில் நடப்பதில்லை, தராசில் நடக்கிறது. நிழலில் உலர்த்தி, காலையும் மாலையும் எடை போடுகிறேன். எடை குறைவது நின்று, இலை நொறுங்கினால் சரி. 50 கிராம் இலையைக் கொரகொரப்பாக நொறுக்கி, ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயில் போட்டு, ஜாடியை மூடி, 60 டிகிரி வெந்நீரில் நாலு மணி நேரம் வைக்கிறேன். ஆவி உள்ளே போகக்கூடாது. திறக்கும் முன் ஜாடியின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட வேண்டும். நைசாகப் பொடித்தால் வடிகட்டுவது பெரும்பாடு. வடித்ததை ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, அடியில் ஒரு விரல் அளவை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் நிறப் பாட்டிலில் ஊற்றுகிறேன். பச்சையம் கலந்த எண்ணெய் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் கெடும். ஒரு எச்சரிக்கை: குளிரில் தேங்காய் எண்ணெயே உறைந்து கலங்கும். லேசாகச் சூடாக்கியபிறகும் கலங்கல் இருந்தால்தான் ஈரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

பச்சை இலையில்தான் சத்து அதிகம் என்பார்கள். நீரில் மட்டும் கரைவது எந்த வழியிலும் எண்ணெயில் இறங்காது. சிவப்புச் செம்பருத்தியைப் போட்டுப் பாருங்கள், எண்ணெய் சிவக்காது. மற்ற சத்துகளில் எந்த வழி கூடுதலாக இறக்குகிறது என்று நான் அளந்ததில்லை, அதனால் அதில் அடித்துச் சொல்ல மாட்டேன்.

லேபிள் விஷயத்துக்கும் இந்தச் செம்பருத்திதான் நல்ல உதாரணம். செம்பருத்தி எண்ணெய் என்று வைத்துவிட்டு, சிவப்புக்கு வேம்பாளம்பட்டை போட்டால் பட்டையின் பெயரும் லேபிளில் இருக்க வேண்டும். என் லேபிளில் தேங்காய் எண்ணெய்தான் முதல் வரி, ஏனென்றால் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் அதுதான். அடுத்தது, கரிசலாங்கண்ணி இலை, ஊறவைத்து வடித்தது. அப்புறம் செய்த தேதி, தொகுதி எண், 'ஈரக் கை படாமல் வையுங்கள்', 'முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தலையில் தேயுங்கள்'. முடி வளரும், நரை மாறும் என்று போடுவதில்லை. 'பக்கவிளைவு இல்லாதது' என்று போடச் சொல்லி ஒரு நண்பர் இன்னும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். இலை ஒத்துக்கொள்ளாமல் அரிப்பெடுக்கும் ஒரே ஒருவர் வந்தாலும் அந்த வரி பொய்யாகிவிடும் என்பதால் அதையும் போடவில்லை.